உச்சி வெயிலில் மங்கும் போன் திரை: அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

என் மச்சினன் மதுரையில் உணவு டெலிவரி செய்கிறான். போன மே மாதம் ஒரு மத்தியானம் போன் போட்டான். "மாமா, போன் டிஸ்ப்ளே போயிடுச்சு. கடைக்காரர் மாத்தணும்னு சொல்றார், நாலாயிரம் கேக்குறார்" என்றான். சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். திரையில் ஒரு குறையும் இல்லை. பளிச்சென்று எரிந்தது. மதியம் 12 முதல் 3 வரைதான் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறதாம்.

அவன் போனில் ஒன்றல்ல, நான்கு காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அறிகுறி வேறு. அதனால் செட்டிங்ஸ் பட்டியலை மேலிருந்து கீழாகப் போகாமல், உங்களுக்கு என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் ஆண்ட்ராய்டை வைத்தே சொல்கிறேன். மெனுப் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

அறிகுறி: ஸ்லைடரை முழுக்க இழுத்தும் வெளியே போனதும் ஒன்றும் தெரியவில்லை

முதலில் பார்க்க வேண்டியது ஆட்டோ பிரைட்னஸ் அணைந்திருக்கிறதா என்பது. "நானே ஃபுல்லா வச்சிருக்கேன், ஆட்டோ எதுக்கு?" என்று பலரும் அதை அணைத்து வைத்திருப்பார்கள். மச்சினனும் அப்படித்தான் வைத்திருந்தான். பேட்டரி மிச்சமாகும் என்று யாரோ சொன்னார்களாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்லைடரின் வலது ஓரம் திரையின் உச்சம் அல்ல. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் ஓஎல்இடி திரை உள்ள பெரும்பாலான போன்களில், கையால் இழுத்துப் போகக்கூடிய அளவுக்கு மேலே இன்னொரு படி உண்டு. அதற்கு ஹை பிரைட்னஸ் மோடு என்று பெயர். திரைக்கு மேலே செல்ஃபி கேமரா பக்கத்தில் இருக்கும் ஒளி சென்சார் "இது நேர் வெயில்" என்று சொன்னால்தான் அந்தப் படி திறக்கும். அதைத் திறப்பது ஆட்டோ பிரைட்னஸின் வேலை. திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். ஆட்டோவை அணைத்துவிட்டால் 500 நிட்ஸ் சுற்றுவட்டத்திலேயே நின்றுவிடும் போன்கள் நிறைய. அதே போன் ஆட்டோவில் 1000 நிட்ஸ் வரை போகும்.

எனவே `Settings` → `Display` போய் `Adaptive brightness`-ஐ ஆன் செய்யுங்கள். ஐபோனில் இது டிஸ்ப்ளே பக்கத்தில் இருக்காது. `Accessibility` → `Display & Text Size` பக்கத்தின் கடைசியில் `Auto-Brightness` என்று இருக்கும். சில சாம்சங் மாடல்களில் ஆட்டோவை அணைத்த பிறகு `Extra brightness` என்று ஒரு பொத்தான் தோன்றும். ஆட்டோ பிடிக்காதவர்களுக்கு அது மாற்று.

சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை போதும். வெயிலில் நின்று ஸ்லைடரை முழுக்க வைத்து, ஆட்டோவை அணைத்து ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் திரை ஒரு துள்ளு துள்ளி வெளுக்க வேண்டும். துள்ளினால் இதுதான் உங்கள் வியாதி. துள்ளவில்லை என்றால் கீழே படியுங்கள்.

பெட்டியில் 4500 நிட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது எச்டிஆர் வீடியோவில் திரையின் ஒரு துளி இடம் மட்டும் எரியும்போது எடுத்த அளவு. திரை முழுக்க வெள்ளையாக இருக்கும் வரைபடத்தில் அதெல்லாம் வராது. ஓஎல்இடியில் எரியும் பரப்பு கூடக் கூட, மின்சாரத்தைக் கட்டுக்குள் வைக்க மொத்த வெளிச்சமும் குறைக்கப்படும்.

அறிகுறி: ஆட்டோ ஆனில்தான் இருக்கிறது, ஆனாலும் துள்ளவில்லை

சென்சாருக்கு வெயில் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். மச்சினன் ஒட்டியிருந்த டெம்பர்ட் கிளாஸில் மேல் ஓரத்தில் அரை சென்டிமீட்டருக்குக் கறுப்புப் பட்டை இருந்தது. சென்சார் அதற்கு அடியில் போய்விட்டது. போன் தன்னை எப்போதும் திண்ணையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

சாம்சங் போன் என்றால் டயலரில் `*#0*#` என்று அடித்தால் பெரும்பாலான மாடல்களில் சோதனைப் பலகை வரும். அதில் `Sensor` பக்கத்தைத் திறந்தால், சென்சார் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது லக்ஸ் அளவில் ஓடும். மற்ற போன்களுக்கு லக்ஸ் மீட்டர் ஆப் ஏதாவது ஒன்று போதும். வீட்டு விளக்கில் சில நூறு லக்ஸ் காட்டும். வெளியே நிழலில் சுமார் 10,000, உச்சி வெயிலில் 1,00,000 பக்கம் வரும். எல்லா சென்சாரும் அந்த உச்சம் வரை அளக்காது, அதனால் எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது எண் பல மடங்கு ஏறுகிறதா என்பதே கேள்வி. ஏறவில்லை என்றால் கிளாஸைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். போனைப் படுக்கை வாட்டத்தில் பிடிக்கும்போது கட்டைவிரலும் இதே வேலையைச் செய்யும்.

சென்சார் சரியாக இருந்தால் பின்னால் இருந்து திரையை இழுத்துப் பிடிக்கும் மூன்று பேரைத் தேடுங்கள். முதலாவது பேட்டரி சேவர். சில போன்களில் அது ஆனில் இருக்கும்போது அந்த மேல்படியே திறக்காது, சிலவற்றில் பிரகாசத்தையும் நேரடியாகக் குறைக்கும். இரண்டாவது ஆண்ட்ராய்டு 12-இல் வந்த `Extra dim`. ராத்திரி படுக்கையில் படிக்க ஆன் செய்துவிட்டு மறந்துவிடுவோம். ஐபோனில் இதற்கு இணை `Reduce White Point`. மூன்றாவது நீல வெளிச்சத்தைக் குறைக்கும் `Night Light` வகையறா. அது நீலத்தை அடக்குவதால் வெள்ளை மஞ்சளாகும், மொத்த வெளிச்சமும் குறையும். இரவு மட்டும் வருமாறு நேரம் குறித்து வைத்தால் போதும்.

அறிகுறி: முதலில் பளிச், பத்து நிமிடத்தில் மங்கல்

கடைக்காரர் டிஸ்ப்ளே மாற்றச் சொன்னது இதைப் பார்த்துத்தான். இது சூடு. கோளாறு இல்லை.

வெயிலில் நிற்கும் போனுக்கு மூன்று பக்கத்திலிருந்து சூடு ஏறுகிறது. வெயில் நேராகத் திரையிலும் முதுகிலும் அடிக்கிறது. உச்சப் பிரகாசத்தில் எரியும் திரை தானே சுடுகிறது. ஜிபிஎஸ், மொபைல் டேட்டா, வரைபடம் எல்லாம் சேர்ந்து பிராசஸரைச் சூடாக்குகின்றன. ஓர் அளவுக்கு மேல் போனால் போன் முதலில் கைவைப்பது திரையில்தான், ஏனென்றால் அங்கே குறைத்தால் உடனே பலன். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரி. மதுரை மே மாதத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். போன் வேலையைத் தொடங்கும் முன்பே வரம்பைக் கடந்துவிடுகிறது.

சூடுதானா என்று எப்படி உறுதிசெய்வது? மங்கிய உடனே ஸ்லைடரை வலதுபக்கம் இழுத்துப் பாருங்கள். சூட்டால் மங்கியது என்றால் ஸ்லைடர் போகும், வெளிச்சம் வராது. சில போன்களில் ஸ்லைடரே பாதியில் நின்றுவிடும். பிறகு நிழலில் ஐந்து, பத்து நிமிடம் வைத்து எடுங்கள். வெளிச்சம் தானாகத் திரும்பி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மாறாக, போன் சூடே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே நேரத்தில் மங்குகிறது என்றால் அது நேர வரம்பு. மேல்படி வெளிச்சத்தை இத்தனை நிமிடத்துக்குள் இவ்வளவு நேரம்தான் தரலாம் என்று கணக்கு வைக்க ஆண்ட்ராய்டில் தயாரிப்பாளருக்கு வசதி உண்டு. திரையின் ஆயுளுக்காக வைப்பது. அதை செட்டிங்ஸில் மாற்ற முடியாது. வழி கேட்கும்போது மட்டும் திரையை எழுப்பி, மற்ற நேரம் அணைத்து வைத்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது.

மச்சினன் வண்டியில் போன் எப்படி இருந்தது என்று போய்ப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் உறை, மழைக்காக வாங்கியது. மூடிய பிளாஸ்டிக், உள்ளே காற்று அசையாது, போனுக்குப் பின்னால் கறுப்பு ஸ்பாஞ்ச். அதோடு வண்டியின் யூஎஸ்பியில் நாள் முழுக்க சார்ஜ். சார்ஜ் ஏறும் சூடு, திரைச் சூடு, வெயில் எல்லாம் ஒரே பைக்குள். வேறு எதையும் தொடாமல் இரண்டு மாற்றம் செய்தோம். உறையைக் கழற்றிவிட்டு நான்கு மூலையில் பிடிக்கும் திறந்த ஹோல்டர் போட்டோம், ஓடும்போது முதுகில் காற்றடிக்கும். சார்ஜைக் காலை 9 முதல் 11 வரைக்கும், மாலை 4-க்குப் பிறகும் என்று வைத்துக்கொண்டோம். நடுவில் சார்ஜ் கிடையாது. அதுவரை பத்து நிமிடத்தில் மங்கிய திரை, அதற்குப் பிறகு சிக்னலில் நிற்கும்போது மட்டும் மங்கியது, வண்டி நகர்ந்ததும் திரும்பியது.

கையில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் தடிமனான ரப்பர் கவரை மத்தியானம் மட்டும் கழற்றலாம். ஃபிரிட்ஜில் வைப்பது வேண்டாம். ஈரக்காற்றில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

அறிகுறி: திரை பிரகாசமாகத்தான் இருக்கிறது, எழுத்துதான் தெரியவில்லை

இங்கே பிரச்சினை திரையின் வெளிச்சத்தில் இல்லை, அதன் மேல் விழுந்து திரும்பும் வெளிச்சத்தில். கண்ணாடி தன் மேல் விழுவதில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் உச்சி வெயிலில் நீங்கள் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையின் பிரகாசம் 20,000 நிட்ஸுக்கு மேல். அதில் 4 சதவீதம் 800 நிட்ஸ். உங்கள் போன் 500-இல் எரிந்தால், திரையில் வரைபடத்தைவிட உங்கள் சட்டைதான் நன்றாகத் தெரியும்.

போனைக் கொஞ்சம் சாய்த்து, சட்டைக்குப் பதிலாக ஒரு மரமோ நிழலில் இருக்கும் சுவரோ அதில் தெரியும்படி செய்தால் அந்த 800 நூறு பக்கம் இறங்கிவிடும். எந்த செட்டிங்கும் இவ்வளவு செய்யாது. ஹோல்டரின் கோணத்தை ஒரு நாள் செலவழித்துச் சரிசெய்வது லாபம்.

டெம்பர்ட் கிளாஸ் இங்கே மறுபடி வருகிறது. ஓரத்தில் மட்டும் பசை உள்ள மலிவு ரகங்களில் கிளாஸுக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கும். அப்போது ஒளி திரும்பும் பரப்பு ஒன்றுக்கு மூன்றாகிறது, 4 சதவீதம் 12-க்கு நெருங்குகிறது. போனை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பிம்பம் இரட்டையாகத் தெரிந்தால் இடைவெளி இருக்கிறது. முழுக்கப் பசையுள்ளதாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

அடுத்து டார்க் மோடு. கறுப்புப் பின்னணியில் சட்டை நன்றாகத் தெரியும், வெள்ளைப் பின்னணியில் தெரியாது. கறுப்பின் மேல் விழும் பிம்பம் அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடுகிறது, சாம்பலில் வெள்ளை எழுத்து மூழ்குகிறது. வெயிலில் லைட் மோடுதான். வரைபட ஆப்பில் தனியாக ஒரு தீம் செட்டிங் இருக்கும், போன் லைட்டில் இருந்தாலும் அது டார்க்கில் மாட்டிக்கொண்டிருக்கலாம், அதையும் பாருங்கள்.

கடைசியாக நிற முறை. இதைப் பலரும் அழகு சமாச்சாரம் என்று விட்டுவிடுவார்கள். திரும்பி வரும் வெயில் வெளிச்சம் எல்லா நிறத்திலும் கொஞ்சம் வெள்ளையைக் கலக்கிறது, நிறங்கள் வெளுக்கின்றன. வரைபடத்தில் போக்குவரத்து நெரிசல் ஆரஞ்சா சிவப்பா என்று மச்சினனுக்குத் தெரியாமல் போனது இதனால்தான். அவன் போன் `Natural`-இல் இருந்தது. `Vivid`-க்கு மாற்றியதும் சிவப்பு சிவப்பாக நின்றது. `Natural` முறை இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறங்களை உள்ளது உள்ளபடி காட்டப் பார்க்கும், `Vivid` திரையால் முடிந்த அளவுக்கு நிறத்தை இழுத்துக் காட்டும். கல்யாண ஆல்பம் திருத்துகிறவர் `Natural`-இல் இருக்கட்டும். ரோட்டில் `Vivid` போதும். பேட்டரியில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் என்று சொல்லும்படி நான் எதையும் பார்க்கவில்லை.

அறிகுறி: கூலிங் கிளாஸ் போட்டால் மட்டும் திரை கறுப்பு

போனைப் பக்கவாட்டில் திருப்புங்கள். தெரிந்தால் உங்கள் கண்ணாடி போலரைஸ்டு. அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். போன் திரையிலும் அதே மாதிரி ஒரு போலரைசர் உண்டு, இரண்டும் குறுக்கே நின்றால் ஒளி அடைபடும். ஹோல்டரில் போனைப் படுக்கை வாட்டத்தில் மாட்டுங்கள், அல்லது சாதாரணக் கண்ணாடி போடுங்கள். செட்டிங்ஸில் தேட வேண்டாம்.

அறிகுறி: இப்போது நன்றாகத் தெரிகிறது, ஆனால் மதியம் 2 மணிக்கே பேட்டரி காலி

இதற்கு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஓஎல்இடியில் வெளிச்சத்தை இரட்டித்தால் திரை தின்னும் மின்சாரமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். 5000 எம்ஏஎச் பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-மணி இருக்கிறது. திரை மட்டும் 2 வாட் எடுத்தால் ஒன்பதரை மணி நேரம், 3 வாட் எடுத்தால் ஆறேகால் மணி நேரம். ஜிபிஎஸ், டேட்டா எல்லாம் இதற்கு மேலே.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்வது டார்க் மோடு. பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-இல் ஓஎல்இடி போன்களை அளந்து பார்த்தார்கள். முழுப் பிரகாசத்தில் டார்க் மோடு சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சப்படுத்தியது. வழக்கமாக வீட்டுக்குள் வைத்திருக்கும் 30 முதல் 50 சதவீதப் பிரகாசத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். அதாவது டார்க் மோடு நிறைய மிச்சம் பிடிக்கும் அதே வெயிலில்தான் அதைப் படிக்க முடியாது. எல்சிடி திரை என்றால் எந்த மோடிலும் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மிச்சமே இல்லை.

அதனால் வெயிலில் கைவைக்க வேண்டிய இடம் ரெஃப்ரெஷ் ரேட். 120 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கப்படும். விரலால் உருட்டும்போது வழவழவென்று போகும், அவ்வளவுதான். வெயிலில் ஓர் எழுத்தும் அதனால் கூடுதலாகத் தெரியாது. விலை உயர்ந்த எல்டிபிஓ திரைகள் அசையாத பக்கத்தில் 1 ஹெர்ட்ஸ் வரை தாமே இறங்கும். நடுத்தர விலைப் போன்களில் 60, 90, 120 என்று படிகள்தான் உண்டு, வரைபடம் நகர்ந்துகொண்டே இருந்தால் மேல்படியிலேயே நிற்கவும் கூடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் `Show refresh rate` ஆன் செய்தால் மூலையில் எண் தெரியும், வழிகாட்டல் ஓடும்போது அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

60-க்கு இறக்க, சாம்சங்கில் `Motion smoothness` → `Standard`. பிக்சலில் `Smooth display` அணைக்க வேண்டும். ஐபோன் ப்ரோவில் `Accessibility` → `Motion` → `Limit Frame Rate`. பேட்டரி சேவரும் பல போன்களில் இதையே செய்யும், ஆனால் கூடவே வெளிச்சத்தையும் பிடுங்கிவிடும். அதனால் பகலில் ரெஃப்ரெஷ் ரேட்டைக் கையால் இறக்குங்கள், சேவரை ஆன் செய்யாதீர்கள்.

மச்சினனை இரண்டு நாள் அளக்கச் சொன்னேன். இரண்டு நாளும் 12 முதல் 1 வரை, சார்ஜ் இல்லாமல், ஆட்டோ பிரைட்னஸில், அதே ஏரியாவில். 120-இல் ஒரு மணி நேரத்தில் 19 சதவீதம் இறங்கியது, 60-இல் 16. ஒரே போன், ஒரே மணி நேரம், இதை எல்லாப் போனுக்கும் பொருத்த முடியாது. மூன்றாவது நாள் 60-ஐ அப்படியே வைத்து, திரை அணையும் நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 30 நொடிக்குக் குறைத்து, வழிகாட்டலைக் குரலில் கேட்கச் சொன்னேன். திருப்பம் வரும்போது மட்டும் திரையைத் தொட்டான். 9 சதவீதம். எரியாத திரையைவிடச் சிக்கனமான திரை கிடையாது. அதோடு சூடும் குறைந்ததால், தொட்டு எழுப்பும் ஒவ்வொரு தடவையும் முழு வெளிச்சம் கிடைத்தது.

சில போன்களில் வரைபட ஆப் திரையை அணையவிடாமல் பிடித்து வைக்கும். அப்படியானால் பவர் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டுக் குரலை மட்டும் ஓடவிடுங்கள்.

அறிகுறி: வெயிலில் சரியாகிவிட்டது, இப்போது வீட்டுக்குள் கண் கூசுகிறது

ஆண்ட்ராய்டு 9 முதல், ஆட்டோ பிரைட்னஸ் நீங்கள் ஸ்லைடரை இழுப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. ஆட்டோவை அணைப்பதற்கு முன்பு, சென்சார் கறுப்புப் பட்டைக்கு அடியில் இருந்த காலத்தில் மச்சினன் தினமும் ஸ்லைடரை மேலே இழுத்திருக்கிறான். "மங்கலான வெளிச்சத்தில் இவனுக்கு நிறையப் பிரகாசம் வேண்டும்" என்று போன் எழுதிவைத்துக்கொண்டது. பட்டை போன பிறகும் அந்தப் பாடம் மறக்கவில்லை, ராத்திரி சமையலறையில் டார்ச் மாதிரி எரிந்தது.

கூகுளின் சேவையைப் பயன்படுத்தும் போன்களில் `Settings` → `Apps` போய் `Device Health Services`-ஐத் திறந்து, `Storage` → `Manage space` → `Reset adaptive brightness` அழுத்துங்கள். பட்டியலில் தெரியாவிட்டால் சிஸ்டம் ஆப்களையும் காட்டச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வழியே இல்லாத போனில், இருட்டான அறையில் உட்கார்ந்து ஸ்லைடரைக் கீழே இழுத்து ஒரு நிமிடம் விடுங்கள். டியூப் லைட்டில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை. மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தால் பழையதை விட்டுவிடும். வெயிலில் மட்டும் ஸ்லைடரைத் தொடாதீர்கள். அங்கே சென்சாரே பார்த்துக்கொள்ளும்.